"எங்களிடம் சரியாகத்தான் வருகிறது": சப்போர்ட்டின் பதிலை வைத்துப் புகாரைச் சரிசெய்யும் வழிமுறை

வேலூர் லாங் பஜாரை ஒட்டி பிவிசி பைப், எல்போ, வால்வு எல்லாம் மொத்தமாக விற்கும் ஒரு கடை. பில்லிங் மென்பொருளில் ஏதோ பிழை என்று அங்கிருந்து சப்போர்ட்டுக்கு ஜூலை முதல் வாரத்தில் இப்படி ஒரு புகார் போனது:

> சார், ஜிஎஸ்டி தப்பா வருது. ரிட்டர்ன் போடணும். அர்ஜென்ட். உடனே சரி பண்ணுங்க.

கூடவே, மானிட்டரை செல்போனில் கோணலாக எடுத்த ஒரு படம். மறுநாள் பதில் வந்தது: "எங்களிடம் சரியாகத்தான் வருகிறது. மீண்டும் முயன்று பாருங்கள்."

கடைக்காரருக்குக் கோபம். ஆனால் அந்தப் பதிலில் பொய் இல்லை. அவர்களிடம் உண்மையிலேயே சரியாகத்தான் வந்திருக்கிறது. கடையில் பிழை இருந்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகவல் விட்டுப்போயிருந்தது.

இந்த மாதிரி கடைகளுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்ப்பது என் தொழில் என்பதால், இப்படித் திரும்பி வரும் புகார்கள் என்னிடம்தான் வந்து சேரும். என் அனுபவத்தில் மென்பொருளின் பிழையைத் தேடுவதற்கு முன்னால் புகாரின் பிழையைத் தேடுவது வேகமான வழி. சப்போர்ட் என்ன பதில் சொல்கிறது என்பதே அதற்கு அறிகுறி. அதனால் கீழே ஒவ்வொரு பதிலாக எடுத்துக்கொண்டு, அந்தப் பதில் வந்தால் புகாரில் என்ன குறை, எப்படிச் சரிசெய்வது என்று எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டு முழுக்க இந்த ஒரே கடைதான்.

முதலில், பிழை என்ன

சித்தூரில் இருக்கும் ஒரு பார்ட்டிக்கு 24,000 ரூபாய்க்கு ஃபிட்டிங்ஸ் போனது. கடையே குட்டி யானையில் ஏற்றி, கிறிஸ்டியான்பேட்டை வழியாக அனுப்பிவைத்தது. வரி 18 சதவீதம். வேறு மாநிலத்தில் பதிவுசெய்த வியாபாரிக்குச் சரக்கை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தால் ஐஜிஎஸ்டி போட வேண்டும், அதாவது ஒரே வரியாக 4,320 ரூபாய். பில்லில் வந்ததோ சிஜிஎஸ்டி 2,160, எஸ்ஜிஎஸ்டி 2,160. உள்ளூர் பார்ட்டிக்குப் போடுவது போல இரண்டாகப் பிரிந்து வந்துவிட்டது.

கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மொத்தம் 28,320 என்பதில் ஒரு பைசா மாறவில்லை. அதனால்தான் பில் போட்டவருக்கும் தெரியவில்லை, பணம் கொடுத்தவருக்கும் தெரியவில்லை. மாதம் முடிந்து ஆடிட்டர் அலுவலகத்தில் மாத விற்பனைக்கான ரிட்டர்னாகிய ஜிஎஸ்டிஆர்-1 தயார் செய்தபோதுதான், 37 என்று தொடங்கும் ஜிஎஸ்டி எண்ணுக்கு நேரே தமிழ்நாட்டு வரி உட்கார்ந்திருப்பதைக் கவனித்தார்கள். அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, ஆந்திரத்துக்கு 37.

(1911 வரை சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்துக்கே தலைநகரம். இன்றைக்கும் வேலூர் வியாபாரிகள் அதை அசலூராக நினைப்பதில்லை. வரிக்கணக்கு அப்படி நினைத்தாக வேண்டும்.)

அறிகுறி 1: "எங்களிடம் சரியாகத்தான் வருகிறது"

இதற்குப் பொருள், நீங்கள் எழுதிய படிகளை அவர்கள் செய்து பார்த்தார்கள், பிழை வரவில்லை என்பதுதான். படிகளே எழுதாமல் விட்டால் அவர்களாகவே ஒரு வழியைக் கற்பனை செய்துகொண்டு செய்து பார்ப்பார்கள். இந்தக் கடைக்கு அதுதான் நடந்தது. சப்போர்ட் பெண் புதிதாக ஒரு ஆந்திர பார்ட்டியை உருவாக்கி, புதிதாக ஒரு பில் போட்டுப் பார்த்திருக்கிறார். ஐஜிஎஸ்டி ஒழுங்காக வந்திருக்கிறது.

இங்கே தேட வேண்டியது விட்டுப்போன படியை. அது பெரும்பாலும், செய்பவருக்கு "இதெல்லாம் ஒரு படியா?" என்று தோன்றும் அளவுக்குப் பழகிப்போன ஒன்றாக இருக்கும். கடையில் கணக்கு எழுதும் பெண்ணிடம் கேட்டேன்.

"என்ன செஞ்சீங்கம்மா?"

"இன்னா சார், எப்பவும் போலதான். பார்ட்டி எடுத்தேன், பில் போட்டேன்."

"சரி, நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். எப்படிப் போட்டீங்களோ அப்படியே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. சேவ் மட்டும் பண்ணாதீங்க."

அவர் புதிய பில் திறக்கவே இல்லை. கொட்டேஷன் பட்டியலுக்குப் போனார், சித்தூர் பார்ட்டியின் பழைய கொட்டேஷனைத் திறந்தார், 'பில்லாக மாற்று' என்ற பொத்தானை அழுத்தினார்.

"கொட்டேஷன்ல இருந்தா வந்தீங்க?"

"ஆமா சார். ரேட்டெல்லாம் அதுல இருக்குதே. மறுபடியும் யாரு அடிக்கிறது?"

நியாயமான கேள்விதான். ஆனால் இந்தப் படி புகாரில் இல்லை. இது ஒன்று போதாது என்றும் உடனே தெரிந்தது. வேறொரு ஆந்திர பார்ட்டியின் கொட்டேஷனை அவர் பில்லாக மாற்றிக் காட்டியபோது வரி சரியாக வந்தது. ஆக, இந்தக் குறிப்பிட்ட கொட்டேஷனில் ஏதோ வேறுபாடு இருக்கிறது. இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி: "இந்தப் பார்ட்டியில, இந்தக் கொட்டேஷன்ல, பில்லுக்கு முன்னாடி ஏதாவது மாத்தினீங்களா?"

அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. ஜூன் 3 அன்று சித்தூர்க்காரர் ஃபோனில் விலை கேட்டிருக்கிறார். அவசரத்துக்கு, கணக்குப் பெண் கொட்டேஷன் திரையிலேயே இருக்கும் 'புதிய பார்ட்டி' சிறு பெட்டியில் பெயரையும் செல் எண்ணையும் மட்டும் போட்டு பார்ட்டியை உருவாக்கியிருக்கிறார். மாநிலம் என்ற இடத்தில் எதுவும் தேர்ந்தெடுக்காவிட்டால் மென்பொருள் தானாகவே தமிழ்நாடு என்று வைத்துக்கொள்ளும். ஜூன் 9 அன்று ஜிஎஸ்டி எண் வாட்ஸ்அப்பில் வந்ததும், ஒவ்வொரு பார்ட்டியின் நிலையான விவரங்களும் இருக்கும் பார்ட்டி மாஸ்டரில் போய் எண்ணைச் சேர்த்து, மாநிலத்தை ஆந்திரம் என்று திருத்தியிருக்கிறார். ஜூன் 12 அன்று சரக்கு கிளம்பியது, பழைய கொட்டேஷனைப் பில்லாக மாற்றியிருக்கிறார்.

அவர் வேலையில் தப்பே இல்லை. திருத்த வேண்டியதைத் திருத்தியிருக்கிறார். ஆனால் பிழையின் முதல் படி பில் போட்ட நாளுக்கு ஒன்பது நாள் முன்னால் தொடங்கியிருக்கிறது. "பில் போடும்போது தப்பு வருது" என்று யோசிப்பவருக்கு ஜூன் 3 நினைவுக்கே வராது. எனவே படிகளை எழுதும்போது பிழை தெரிந்த திரையில் தொடங்காதீர்கள். அந்தத் திரையில் இருக்கும் தகவல் எங்கே, எப்போது, எப்படி உள்ளே வந்தது என்பதில் தொடங்குங்கள்.

இவ்வளவு தெரிந்ததும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தோம். அதே பார்ட்டிக்கு நேரடியாகப் புதிய பில்: ஐஜிஎஸ்டி, சரி. அதே பார்ட்டிக்கு இன்று புதிய கொட்டேஷன் போட்டு அதைப் பில்லாக மாற்றினால்: ஐஜிஎஸ்டி, சரி. ஜூன் 3 கொட்டேஷனை மாற்றினால்: சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, தப்பு. அதே கொட்டேஷனைத் திறந்து, பார்ட்டி பெயரை அழித்துவிட்டு மறுபடியும் அதே பெயரைத் தேர்ந்தெடுத்து மாற்றினால்: ஐஜிஎஸ்டி, சரி. இந்த நான்கையும் அப்படியே புகாரில் எழுதிவிடுங்கள். சரியாக வந்த மூன்றை எழுதத் தேவையில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நிரல் எழுதுபவருக்கு அந்த மூன்றும்தான் எங்கே தேட வேண்டாம் என்று சொல்கின்றன.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனைகளை உண்மையான கணக்கில் சேவ் செய்யாதீர்கள். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். சோதனைக்குப் போட்ட பில்லை அழித்தால் நடுவில் எண் காணாமல் போகும், அப்புறம் ஆடிட்டரிடம் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். பேக்கப் எடுத்து, அதை 'டெஸ்ட்' என்ற பெயரில் இன்னொரு கம்பெனியாக ஏற்றி அதில் செய்து பாருங்கள். அந்த வசதி இல்லாத மென்பொருளாக இருந்தால் சேவ் செய்வதற்கு முந்தைய திரை வரை மட்டும் போய்த் திரும்பிவிடுங்கள். வரி எப்படிப் பிரிகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இந்தப் பிழை அந்தக் கொட்டேஷனில் எத்தனை தடவை செய்தாலும் வரும். "சில நேரம் வருது, சில நேரம் வரலை" என்ற வகையும் உண்டு. அப்படிப்பட்டதை வலிந்து படிகளாக எழுத வேண்டாம். வந்த நேரத்தையும், எந்தக் கம்ப்யூட்டர், எந்த யூசர், எந்தப் பில் எண் என்பதையும் ஒவ்வொரு முறையும் குறித்து அனுப்பினால் போதும். நிமிடம் வரை துல்லியமான நேரம் இருந்தால் மென்பொருள் தானாகக் குறித்துவைக்கும் பதிவான லாகில் அவர்கள் தங்கள் பக்கத்தில் அதே நிமிடத்தைத் தேடிப் பார்க்க முடியும். "மத்தியானம் வந்தது" என்று எழுதினால் முடியாது.

அறிகுறி 2: "ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், அப்டேட் போட்டுப் பாருங்கள்"

முதல் வரிசையில் இருக்கும் சப்போர்ட் ஆட்களிடம் ஒரு பட்டியல் இருக்கும். அதை முடிக்காமல் அடுத்த கட்டத்துக்கு அனுப்ப அவர்களுக்கு அனுமதி இருக்காது. நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டதை எழுதவில்லை என்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் என்று போய்க்கொண்டே இருக்கும்.

"எல்லாம் பண்ணிப் பார்த்துட்டோம்" என்று எழுதினால் எடுபடாது. செய்ததையும் அதன் விளைவையும் சேர்த்து எழுத வேண்டும். "மென்பொருளை மூடித் திறந்தோம், அதே விளைவு. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தோம், அதே விளைவு. கடையின் இரண்டாவது கம்ப்யூட்டரில் வேறு யூசரில் செய்தோம், அங்கேயும் அதே விளைவு." கடைசி வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம். கோளாறு அந்த ஒரு கம்ப்யூட்டரில் இல்லை, கணக்கிலோ மென்பொருளிலோதான் என்று அது ஒரே அடியில் சொல்லிவிடுகிறது.

மென்பொருளின் வெர்ஷன் எண்ணை 'உதவி' பகுதியிலிருந்து எழுத்து மாறாமல் எடுத்து எழுதுங்கள். "லேட்டஸ்ட்தான் சார்" என்பது வெர்ஷன் எண் ஆகாது. விண்டோஸ் வெர்ஷன் கேட்டால், விண்டோஸ் விசையுடன் R அழுத்தி இதை அடித்தால் ஒரு சிறு பெட்டியில் வரும்:

```
winver
```

ஒரு சில முயற்சிகளைச் செய்யாமல் இருப்பதே நல்லது. கணக்குப் பெண் அந்த ஜூன் 3 கொட்டேஷனை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமா என்று கேட்டார். அழித்திருந்தால் பிழையைக் காட்ட நம்மிடம் இருந்த ஒரே சாட்சி போயிருக்கும். மென்பொருளை எடுத்துவிட்டுத் திரும்ப நிறுவுவதும் இதே ரகம். சப்போர்ட் சொன்னாலும், பேக்கப் எடுத்து அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அறிகுறி 3: "படம் தெளிவாக இல்லை, வேறு படம் அனுப்புங்கள்"

கடை அனுப்பிய படத்தில் குறுக்கும் நெடுக்குமாக வானவில் கோடுகள். மானிட்டரை செல்போனால் எடுத்தால் அப்படித்தான் வரும். அதைவிடப் பெரிய குறை, பில்லின் அடிப்பகுதி மட்டும் தெரிந்தது. மொத்தம் 28,320, அதன் மேல் இரண்டு வரி வரிசை. எந்தப் பார்ட்டி, எந்த மாநிலம் என்று இருக்கும் மேல்பாதி படத்துக்கு வெளியே போய்விட்டது. அதைப் பார்த்தால் வேலூர் பார்ட்டிக்குப் போட்ட ஒழுங்கான பில் போலவே இருக்கிறது. படத்தில் தப்பு என்று எதுவுமே இல்லை.

ஒரு படம் பிழையைக் காட்ட வேண்டும் என்றால், ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு விஷயங்களும் அதே படத்தில் இருக்க வேண்டும். நம் பில்லில் அவை எவை? மேலே 37 என்று தொடங்கும் ஜிஎஸ்டி எண், கீழே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வரிசைகள். நடுவில் 'சப்ளை இடம்' என்ற கட்டத்தில் '33-தமிழ்நாடு' என்று வேறு இருந்தது. இந்த மூன்றும் ஒரே திரையில் தெரியும்படி எடுத்தால், பார்ப்பவருக்கு விளக்கமே வேண்டாம். திரையில் அடங்காவிட்டால் பில்லைப் பிடிஎஃப்பாகச் சேமித்து அனுப்பலாம். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் முறை எளிது. திறந்திருக்கும் ஜன்னல் மட்டும் வேண்டும் என்றால் `Alt + PrtSc` அழுத்தி, மின்னஞ்சலிலோ பெயின்டிலோ ஒட்டலாம். ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்க `Win + Shift + S`. ஆனால் வெட்டும்போது கஞ்சத்தனம் வேண்டும் என்பதில்லை. திரையின் மேல் தலைப்பும் கீழே தேதி, நேரம் இருக்கும் பட்டையும் சேர்ந்தே இருக்கட்டும். முழுத் திரையையும் எடுத்துக் கோப்பாகவே சேமிக்க `Win + PrtSc`. அது 'பிக்சர்ஸ்' ஃபோல்டருக்குள் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்ற இடத்தில் போய் உட்காரும்.

இந்தப் புகாருக்கு மூன்று படம் போதும் என்று முடிவுசெய்தோம். ஜூன் 3 கொட்டேஷன், அதில் மாநிலம் தமிழ்நாடு. இன்றைய பார்ட்டி மாஸ்டர், அதில் மாநிலம் ஆந்திரம். மாற்றியபின் வந்த பில், அதில் முரண். கோப்புகளுக்கு '1-கொட்டேஷன்', '2-மாஸ்டர்', '3-பில்' என்று பெயர் வைத்து, எழுதிய படிகளுக்குப் பக்கத்திலும் 'படம் 1', 'படம் 2' என்று குறித்துவிட்டால் பார்ப்பவர் தடுமாற மாட்டார். பதினைந்து படத்தை வரிசையில்லாமல் வாட்ஸ்அப்பில் கொட்டினால், அதைத் திறந்து பார்க்கும் பொறுமை யாருக்கும் இருக்காது. வாட்ஸ்அப்தான் வழி என்றால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக இணையுங்கள். படமாகப் போனால் அது சுருக்கிவிடும், சிறிய எழுத்து மங்கிப்போகும்.

மறைக்க வேண்டியதை மறைத்து அனுப்புவது வியாபார மரியாதை. பார்ட்டியின் செல் எண், வங்கிக் கணக்கு, தேவைப்பட்டால் விலை. செல்போனில் இருக்கும் ஹைலைட்டர் பேனாவால் தீட்டாதீர்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் அதன் அடியில் இருப்பது தெரியக்கூடும். நிறம் நிரப்பிய கட்டத்தை மேலே வைத்துவிடுங்கள். ஆனால் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் மறைக்கக் கூடாது, பிழையே அங்கேதான் இருக்கிறது. பாஸ்வேர்டும் ஓடிபியும் எந்தப் படத்திலும் இருக்கக் கூடாது, கேட்டாலும் தரக் கூடாது.

நம் பிழையில் எச்சரிக்கைச் செய்தி எதுவும் வரவில்லை. அப்படி ஒரு பெட்டி வந்தால் அதில் இருப்பதை எழுத்தாகவும் கொடுங்கள். விண்டோஸின் வழக்கமான செய்திப் பெட்டியாக இருந்தால், பெட்டி திறந்திருக்கும்போதே `Ctrl + C` அழுத்தினால் அதிலுள்ள எழுத்து நகலாகிவிடும். சப்போர்ட்காரர் அதே வாசகத்தைத் தங்கள் பழைய டிக்கெட்டுகளில், அதாவது பதிவான பழைய புகார்களில், தேட அது உதவும். படத்தில் இருக்கும் எழுத்தை அவர் மறுபடியும் அடித்தால்தான் தேட முடியும்.

அறிகுறி 4: "இது பிழை இல்லை, மென்பொருள் அப்படித்தான் வேலை செய்யும்"

படிகளும் படங்களும் சேர்த்து இரண்டாம் முறை அனுப்பிய பின் வந்த பதில் இது. கொட்டேஷன் போட்ட நாளில் இருந்த விவரங்களை அது அப்படியே பத்திரப்படுத்திக்கொள்ளும், பிறகு மாஸ்டரில் மாற்றினாலும் பழைய ஆவணம் மாறாது என்று விளக்கம் வேறு.

சொன்னதில் தப்பில்லை. பார்ட்டி போன வருடம் விலாசம் மாற்றினார் என்பதற்காக அதற்கு முந்தைய பில்கள் எல்லாம் புது விலாசத்துக்கு மாறினால் அது பெரிய குழப்பம். அதனால் இப்படி உறையவைப்பது நல்ல வடிவமைப்புதான். நம் புகாரில்தான் குறை இருந்தது. என்ன நடந்தது என்று எழுதினோம், என்ன நடந்திருக்க வேண்டும் என்று எழுதவில்லை. "சரியா வரணும்" என்று மட்டும் இருந்தது.

எதிர்பார்க்கும் விளைவை எழுதும்போது எண்ணைக் கொடுக்க வேண்டும், காரணத்தைக் கொடுக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் அது நடக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். எண்: ஐஜிஎஸ்டி 4,320, சிஜிஎஸ்டி 0, எஸ்ஜிஎஸ்டி 0, மொத்தம் 28,320 மாறாது. காரணம்: வாங்குபவர் ஆந்திரத்தில் பதிவுசெய்தவர், சரக்கு கடையின் பொறுப்பில் சித்தூருக்குப் போய் அங்கே ஒப்படைக்கப்பட்டது. ஐஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 10(1)(அ)-படி சரக்கின் பயணம் எங்கே முடிகிறதோ அதுவே சப்ளை இடம். சரக்கு எங்கே ஒப்படைக்கப்பட்டது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அதை விட்டால், "அவர் வேலூர் கடையிலேயே வந்து எடுத்துக்கொண்டிருக்கலாமே?" என்று இன்னொரு கேள்வி திரும்பி வரும்.

மூன்றாவதாக, எந்தக் கட்டத்தில் என்பது. இங்கேதான் அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டே நம் பக்கத்தைச் சொல்ல முடிந்தது. கொட்டேஷன் பழையபடியே இருக்கட்டும். ஆனால் பில் என்பது இன்றைய தேதியில் பிறக்கும் புது ஆவணம். மாற்றும் நேரத்தில் பார்ட்டி மாஸ்டரின் மாநிலத்தை ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபட்டால் புதியதை எடுக்க வேண்டும், அல்லது குறைந்தபட்சம் ஒரு எச்சரிக்கை காட்ட வேண்டும். இன்னொன்றும் கவனித்தோம். மாறிய பில்லில் ஜிஎஸ்டி எண் புதிதாக வந்திருந்தது, மாநிலம் மட்டும் பழையது. ஜூன் 3 அன்று கொட்டேஷனில் அந்த எண்ணே கிடையாது. எண்ணை மாஸ்டரிலிருந்தும் மாநிலத்தைக் கொட்டேஷனிலிருந்தும் எடுக்கிறது என்றால், எல்லாவற்றையும் உறையவைக்கிறோம் என்ற விளக்கம் அங்கே நிற்காது. அதையும் எழுதினோம். எப்படித் திருத்துவது என்பது அவர்கள் வேலை, அதில் தலையிடவில்லை. நம் ஊகத்தை 'சந்தேகம்' என்று தனியாகத் தலைப்பிட்டுப் போட்டுவிட்டால், கண்ணால் பார்த்ததோடு அது கலக்காது.

கடைசியாகப் போன புகார் இப்படி இருந்தது:

> பொருள்: பார்ட்டியின் மாநிலத்தைத் திருத்திய பிறகு, பழைய கொட்டேஷனைப் பில்லாக மாற்றினால் ஐஜிஎஸ்டிக்குப் பதில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி வருகிறது
>
> படிகள்:
> 1. கொட்டேஷன் திரையில் 'புதிய பார்ட்டி' மூலம் பெயர், செல் எண் மட்டும் கொடுத்துப் பார்ட்டியை உருவாக்கவும். மாநிலம் தானாகத் தமிழ்நாடு ஆகிறது.
> 2. 24,000 ரூபாய்க்கு, 18% வரியுள்ள பொருளுக்குக் கொட்டேஷன் போட்டு சேவ் செய்யவும். (படம் 1)
> 3. பார்ட்டி மாஸ்டரில் 37-இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண்ணைச் சேர்த்து, மாநிலத்தை ஆந்திரம் என்று மாற்றவும். (படம் 2)
> 4. படி 2-இன் கொட்டேஷனைத் திறந்து 'பில்லாக மாற்று' அழுத்தவும்.
>
> வந்தது: சிஜிஎஸ்டி 2,160, எஸ்ஜிஎஸ்டி 2,160, சப்ளை இடம் 33. ஜிஎஸ்டி எண் மட்டும் புதியது. (படம் 3)
>
> வர வேண்டியது: ஐஜிஎஸ்டி 4,320, சப்ளை இடம் 37. சரக்கு சித்தூரில் ஒப்படைக்கப்பட்டது. மாநிலம் வேறுபட்டால் மாற்றும்போதே எச்சரிக்கையாவது வர வேண்டும்.
>
> செய்து பார்த்தவை: நேரடிப் பில் சரி. திருத்தத்துக்குப் பின் போட்ட கொட்டேஷன் சரி. பழைய கொட்டேஷனில் பார்ட்டியை மறுபடி தேர்ந்தெடுத்தால் சரி. ரீஸ்டார்ட், வேறு கம்ப்யூட்டர், வேறு யூசர்: மாற்றமில்லை.
>
> பாதிப்பு: ஜூன் மாத ஜிஎஸ்டிஆர்-1 ஜூலை 11-க்குள் போக வேண்டும். புதிய பில்களுக்கு மாற்று வழி இருக்கிறது. ஏற்கெனவே இப்படி வந்த பில்களைக் கண்டுபிடிக்க ஒரு பட்டியல் தேவை.

'பாதிப்பு' என்ற பகுதியில் "அர்ஜென்ட்" என்ற சொல் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தேதி இருக்கிறது, அது போதும். மாற்று வழி இருக்கிறது என்று சொன்னால் நம்மைப் பின்னால் தள்ளிவிடுவார்கள் என்று கடைக்காரர் பயந்தார். மறைத்தால் அவர்களே அதைக் கண்டுபிடித்துத் தீர்வு என்று அனுப்பிவிட்டு டிக்கெட்டை மூடுவார்கள். நாமே சொல்லிவிட்டு, அது போதாது என்பதற்குக் காரணத்தையும் சேர்த்தோம்: பழைய பில்களின் பட்டியல்.

அறிகுறி 5: "சரிசெய்யப்பட்டது" என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள்

மூடியதாக வந்த செய்தியைப் பார்த்ததும் "நன்றி" என்று போட்டுவிடாதீர்கள். புதிய வெர்ஷனை டெஸ்ட் கம்பெனியில் ஏற்றி, அதே நான்கு படிகளை முதலிலிருந்து செய்யுங்கள். ஜூன் 3 கொட்டேஷனைக் காப்பாற்றி வைத்தது இங்கேதான் கைகொடுத்தது. புதிதாக உருவாக்கிய கொட்டேஷனில் எச்சரிக்கை வந்தது, அந்தப் பழைய கொட்டேஷனில் வரவில்லை. அப்டேட்டுக்கு முன் சேவ் ஆனவற்றைத் திருத்தம் தொடவில்லை.

இப்படிப் பாதி சரியானால் புது டிக்கெட் போட வேண்டாம், பழையதிலேயே பதில் எழுதுங்கள். புது டிக்கெட் புது ஆளிடம் போகும், கதையை மறுபடியும் ஜூன் 3-இல் இருந்து சொல்ல வேண்டியிருக்கும். "வெர்ஷன் எண் இது, புதிய கொட்டேஷனில் எச்சரிக்கை வருகிறது, அப்டேட்டுக்கு முன் போட்டதில் படி 4-இல் வரவில்லை, படம் 4" என்று எழுதினோம். அடுத்த அப்டேட்டில் அதுவும் சரியானது, பாதிக்கப்பட்ட பில்களின் பட்டியலும் எக்செல்லாக வந்தது.

அந்தப் பட்டியலில் இருக்கும் பில்களை என்ன செய்வது என்பது சப்போர்ட்டின் வேலை இல்லை. மென்பொருளைத் திருத்தினால், ஏற்கெனவே பார்ட்டி கையில் கொடுத்துவிட்ட பில் திருந்தாது. ரிட்டர்னில் இன்னும் ஏறாதவை எவை, ஏறிவிட்டவை எவை என்று பிரித்து ஆடிட்டரிடம் கொடுக்க வேண்டும். கணக்குப் பெண் அந்த எக்செல்லில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, ஒவ்வொரு பில்லுக்கும் நேரே 'போயாச்சு', 'போகல' என்று அடித்துக்கொண்டிருந்தார்.